ஒரு தவறான டிக் செய்யும் வேலை

இலவச சார்ட்டில் சில நாள் மெழுகுவர்த்தியின் அடியில் மட்டும் நீளமாக ஒரு கோடு தொங்கும். அந்த விலையில் வியாபாரமே நடந்திருக்காது. விலைத் தகவல் வரும் வழியில் புகுந்த தவறான டிக் அது.

ஒரு கணக்குப் பார்ப்போம். கடந்த 14 நாட்களில் ஒரு பங்கின் உச்ச விலை 520 ரூபாய், குறைந்த விலை 480, இன்றைய முடிவு விலை 510. குறைந்த விலையிலிருந்து 30 ரூபாய் மேலே. மொத்த இடைவெளி 40. எனவே ஸ்டோகாஸ்டிக் 75. குறைந்த விலை 410 என்று ஒரே ஒரு தப்பான டிக் பதிவானால் 100-ஐ 110-ஆல் வகுக்க வேண்டும், விடை 91. பலர் எல்லையாகக் கொள்ளும் 80-ஐத் தாண்டி, ‘அளவுக்கு மீறி வாங்கப்பட்டது’ என்று சார்ட் எச்சரிக்கும். அந்த நாள் 14 நாள் கணக்கிலிருந்து வெளியேறும்வரை பிழை தொடரும்.

முடிவு விலைகளை மட்டும் வைத்துக் கணக்கிடும் ஆர்எஸ்ஐ இதனால் அசையாது. ஆனால் அதற்கு வேறு சிக்கல் உண்டு. வியாபாரம் குறைந்த பங்கில், டிக் வராத 5 நிமிடத்துக்குச் சில தளங்கள் மெழுகுவர்த்தியே போடாது. சில தளங்கள் பழைய விலையையே நிரப்பிவிடும். அதனால் ஒரே பங்குக்கு இரண்டு தளங்களில் இரண்டு ஆர்எஸ்ஐ.

சந்தேகம் வந்தால், பங்குச் சந்தையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பவ்காப்பியில் அன்றைய உச்ச, குறைந்த விலைகளைப் பாருங்கள். சார்ட்டோடு பொருந்தாவிட்டால், அந்த சிக்னலை நம்பிப் பணம் போடாதீர்கள்.