திரையில் உடையாத தமிழ்: டைட்டில் எழுத்துகளை அமைக்கும் முறை

யூனிகோடு தமிழில் எழுத்துகள் சேமிக்கப்படும் வரிசை வேறு, கண்ணுக்குத் தெரியும் வரிசை வேறு. ‘கெ’ என்பதைக் கையால் எழுதும்போது முதலில் கொம்பும் பிறகு க-வும் வரும். கணினியில் முதலில் க இருக்கும், அதன் பின் கொம்பு இருக்கும். ‘கோ’ என்பதும் க-வும் ஓகாரக் குறியும் என இரண்டே குறியீடுகள்தான். அந்த ஒரு குறியை இரண்டாகப் பிரித்து, இரட்டைக்கொம்பை க-வுக்கு முன்னும் காலைப் பின்னும் வைப்பது மென்பொருளின் வேலை. எழுத்தை வடிவமைக்கும் இந்தப் பொறிக்குத் தமிழ் விதிகள் தெரிந்திருக்க வேண்டும். அந்த விதிகளுக்கு ஏற்ற வடிவங்கள் எழுத்துருவிலும் இருக்க வேண்டும். படத்தொகுப்பு மென்பொருளில் தமிழ் உடைவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். சில சமயம் ஒட்டப்பட்ட உரையே பிழையாக இருக்கும்.

எது காரணம் என்பதை உடைந்திருக்கும் விதமே சொல்லிவிடும். ஒரு குறும்படத்தின் முடிவில் வரும் கார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மேல்வரியில் ‘கௌரவத் தோற்றம்’, அடுத்த வரியில் ‘படத்தொகுப்பு’, கடைசியில் ‘நன்றி: ஸ்ரீரங்கம், பொள்ளாச்சி மக்கள்’. தமிழில் உடையக்கூடிய இடங்கள் ஏறக்குறைய அனைத்தும் இந்த மூன்று வரிகளில் அடங்கிவிடுவதால், சோதனைக்கு இவை நல்ல மாதிரி.

‘தோற்றம்’ என்பதில் த முதலில் வந்து, இரட்டைக்கொம்பும் காலும் சேர்ந்து அதன் பின்னால் நின்றால், பொறி தமிழைக் கையாளவே இல்லை. ‘கௌ’, ‘பொ’, ‘தொ’ ஆகியவையும் அப்போது இதே போலக் குலைந்திருக்கும். ‘தொகுப்பு’ என்பதில் கு, பு இரண்டும் உருமாறாமல், க-வும் ப-வும் தனியாகவும் உகர வால் தனியாகவும் நிற்பதும் அதே நோயின் அடையாளம். இந்த நிலையில் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. பலர் மணிக்கணக்கில் நேரத்தை இழப்பது இங்கேதான்.

கொம்புகள் சரியான இடத்தில் இருந்து, ‘ஸ்ரீ’ மட்டும் ஸ், ரீ என்று பிரிந்து நின்றால் குற்றம் எழுத்துருவிலோ உரையிலோ இருக்கும். ஸ்ரீ என்ற கூட்டெழுத்தை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்யலாம். ஸ-வை வைத்து எழுதுவது பழைய வழக்கம். ஶ என்ற எழுத்து 2005-இல் வந்த யூனிகோடு 4.1-இல் சேர்க்கப்பட்டது, அதை வைத்தும் எழுதலாம். ஒரு வகையை மட்டும் சேர்த்துக் காட்டும் எழுத்துருக்கள் உண்டு. அதனால் வேறொரு விசைப்பலகையில் அதே சொல்லை அடித்துப் பார்த்தாலே சில வேளைகளில் சரியாகிவிடும்.

எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிந்தால், அந்த எழுத்துருவில் தமிழே இல்லை. புள்ளிகளால் ஆன சிறு வட்டம் ஒன்று கொம்புக்குப் பக்கத்தில் தோன்றினால், உரையில் வரிசை தவறியிருக்கிறது: கொம்புக்கு முன்னால் இருக்க வேண்டிய மெய் அங்கே இல்லை. பெயர்ப் பட்டியல் பிடிஎஃப் கோப்பாக வந்து, அதிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது இது அடிக்கடி நேர்கிறது. பிடிஎஃப் சில நேரம் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே திருப்பித் தருகிறது. அப்படிப்பட்ட உரையை ஒட்டிவிட்டுத் திருத்துவதை விட, பெயர்களை வேர்டு கோப்பாகவோ மின்னஞ்சலாகவோ கேட்டு வாங்குவது பாதுகாப்பு. ‘தமிழ்’ என்று வர வேண்டிய இடத்தில் `jkpo;` என்று வந்தால், அந்த உரை பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்காக அடிக்கப்பட்டது. அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும்.

இனிச் சரிசெய்யும் வழி. அடோபி பிரீமியர் ப்ரோவில் எழுத்துப் பொறியைத் தேர்ந்தெடுக்கும் வசதி `Preferences` பகுதியில் `Graphics` என்பதன் கீழ் இருக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் பழைய பதிப்புகளில் அது `Preferences` பகுதியின் `Type` என்பதில் இருக்கும். இரண்டிலும் `South Asian and Middle Eastern` என்பதைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். அதன் பின் டைட்டிலைப் புதிய லேயரில் எழுத வேண்டும். ஏற்கெனவே எழுதி வைத்த லேயர் பழைய பொறியின் கணக்கிலேயே நின்றுவிடலாம். அமைப்பை மாற்றியும் எழுத்து சரியாகவில்லை என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம். பழைய லேயரிலிருந்து உரையை மட்டும் நகலெடுத்துப் புதியதில் ஒட்டினால் போதும். கேடென்லைவ், ஷாட்கட் ஆகிய கட்டற்ற மென்பொருட்களில் இத்தகைய தேர்வு தேவையில்லை. அவை பயன்படுத்தும் க்யூட்டி நூலகத்திலேயே தமிழுக்கான பொறி இருக்கிறது.

எழுத்துருவைப் பொறுத்தவரை நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை ஆகியவை கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றில் பல தடிமன்கள் உண்டு. தடித்த எழுத்து தேவைப்பட்டால், எழுத்துருவில் உள்ள தடித்த வடிவத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். மென்பொருளில் உள்ள `Faux Bold` பொத்தான் கோட்டைச் சுற்றிலும் வீங்க வைப்பது மட்டுமே செய்யும். ண, ற, இ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுப் போகும். எழுத்தைச் சுற்றிக் கறுப்பு ஓரக்கோடு போடும்போதும் இதே சிக்கல் உண்டு. கோடு உள்நோக்கி வளர்ந்தால் புள்ளி மறைந்துவிடும். ஓரக்கோட்டை எழுத்தின் வெளிப்பக்கமாக மட்டும் வளரும்படி வைக்கலாம். அதைவிட மெல்லிய நிழல் ஒன்று போட்டால் எழுத்து தெளிவாகவே இருக்கும்.

எழுத்துகள் சரியாக வந்த பிறகும் கார்டு அழகாக இல்லாமல் போவது இடைவெளியால். ஆங்கில டைட்டில்களில் எழுத்துகளை அகலமாகப் பரப்பி வைப்பது பரவலான பாணி. அதற்கு எழுத்து இடைவெளியை, அதாவது `Tracking` அளவைக் கூட்டுவார்கள். தமிழில் அதைச் செய்தால், பல மென்பொருட்கள் கொம்பையும் காலையும் தனி எழுத்துகளாகக் கருதி அவற்றுக்கிடையிலும் இடைவெளி விட்டுவிடும். ‘பொள்ளாச்சி’யில் கொம்பு ஒரு பக்கம், ப நடுவில், கால் இன்னொரு பக்கம் என்று மூன்று துண்டுகள் தெரியும். வாசிப்பவர் தடுமாறுவது உறுதி. தமிழ் டைட்டிலுக்கு இந்த அளவைப் பூஜ்ஜியத்திலேயே விடுவது நல்லது. குறைக்கவும் கூடாது; குறைத்தால் ஓர் எழுத்தின் சுழி அடுத்ததன் மேல் ஏறும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எழுத்து இணைவுக்கு `Metrics` என்பதையே வைக்க வேண்டும். `Optical` தமிழ்க் குறிகளின் வடிவத்தைப் பார்த்துத் தானே கணக்குப் போடுவதால், எழுத்துருவை வடிவமைத்தவர் வைத்த இடைவெளி குலைகிறது.

பரப்பி எழுதியே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. முழு உயிர்மெய்களுக்கு இடையில் மட்டும் இடம் விட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும்: ‘ப ட த் தொ கு ப் பு’. சாதாரண இடைவெளி அகலமாகத் தோன்றினால், யூனிகோடில் உள்ள மெல்லிய இடைவெளியான `U+2009`-ஐ இடலாம். ‘தொ’ என்பது ஒரே எழுத்தாகக் கலையாமல் நிற்கும். எழுத்தெழுத்தாகத் தோன்றும் அசைவூட்டத்திலும் இதே கவனம் தேவை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் அசைவூட்ட அமைப்பில் `Based On` என்பது `Characters` என்று இருந்தால், கொம்பு முதலில் தனியாக வந்து நிற்கும் ஆபத்து உண்டு. அதை `Words` என்று மாற்றிச் சொல் சொல்லாகக் கொண்டுவருவதே தமிழுக்குப் பொருந்துகிறது.

வரி இடைவெளிதான் அதிகம் கவனிக்கப்படாத இடம். தமிழில் புள்ளியும் இகர, ஈகாரக் கொக்கிகளும் மேலே எழும். கு, ழு போன்றவற்றின் வால் கீழே இறங்கும். மேல்வரியில் ‘இசைக்குழு’வும் கீழ்வரியில் ‘பின்னணிப் பாடகர்கள்’ என்பதும் வந்தால், கு, ழு ஆகியவற்றின் வால் பி, ணி ஆகியவற்றின் கொக்கிகளை இடிக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் தானியங்கி வரி இடைவெளி எழுத்தளவில் 1.2 மடங்கு. 1920×1080 சட்டத்தில் பெயரை 64 பிக்சல் அளவில் எழுதினால் அது ஏறக்குறைய 77 பிக்சல் ஆகும். தமிழுக்கு அது போதாது. 1.4 முதல் 1.5 மடங்கு, அதாவது 90 முதல் 96 பிக்சல் வைத்தால் வரிகள் மூச்சு விடும். பிரீமியரில் வரி இடைவெளிப் பெட்டி பூஜ்ஜியத்தில் தொடங்கி, கூடுதல் அளவை மட்டும் கேட்கும். அங்கே 15 முதல் 20 வரை கூட்டிப் பார்த்துக் கண்ணால் முடிவு செய்யலாம்.

இரு பத்திகளாக வரும் பெயர்ப் பட்டியலில், பொறுப்பை வலப்புறம் ஒட்டியும் பெயரை இடப்புறம் ஒட்டியும் வைப்பது வழக்கம். தமிழில் பொறுப்புப் பெயர்கள் நீளமானவை என்பதால் இடப்பக்கப் பத்திக்குச் சற்று அதிக அகலம் ஒதுக்க வேண்டும். நீளம் மீறினால் எழுத்தைச் சுருக்கி நெரிக்காமல், ‘உதவி’ ஒரு வரியிலும் ‘இயக்குநர்கள்’ அடுத்த வரியிலுமாகச் சொல்லின் எல்லையில் மடக்கலாம். மென்பொருள் தானாக மடக்கும் இடத்தை நம்பக் கூடாது.

தமிழுக்கு வழியே விடாத மென்பொருளிலோ பழைய பதிப்பிலோ வேலை செய்ய நேர்ந்தால், டைட்டிலை வெளியே உருவாக்கிப் படமாகக் கொண்டுவருவதே கடைசி வழி. இன்க்ஸ்கேப் இதற்கு ஏற்றது. அதில் தமிழ் சரியாக அமையும். பக்கத்தை 1920×1080 பிக்சலாக வைத்து, வரிகளை எழுதி, `Path` பட்டியில் `Object to Path` கொடுத்தால் எழுத்துகள் வெறும் கோட்டு வடிவங்களாகிவிடும். பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக அதை ஏற்றுமதி செய்து டைம்லைனில் போடலாம். திரையில் பெரிதாகும் அசைவு இருந்தால், இரு மடங்கு அளவில் ஏற்றுமதி செய்தால்தான் விளிம்பு மங்காது. கோட்டு வடிவமாக்கிய பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது என்பதால், உரையாகவே இருக்கும் ஒரு நகலைத் தனியாக வைத்துக்கொள்வது அவசியம்.

வேறு கணினிக்கு வேலையை மாற்றும்போது எழுத்துருக் கோப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அது இல்லாத கணினியில் மென்பொருள் வேறொரு எழுத்துருவைத் தானே போட்டுக்கொள்ளும். பொறி அமைப்பும் அந்தக் கணினியில் மாறாமல் இருந்தால் எல்லா வரிகளும் மீண்டும் உடையும். முழுப் படத்தையும் ஏற்றுமதி செய்வதற்கு முன், டைட்டில் கார்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சட்டத்தை நிழற்படமாக எடுத்து, தமிழ் நன்றாகப் படிக்கும் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துவிட வேண்டும். ஏற்றுமதியான வீடியோவில் எழுத்து வெறும் பிக்சல்தான். சரியாக ஏறியது எந்தக் கைபேசியிலும் சரியாகவே தெரியும். தவறாக ஏறியதை மறுபடி ஏற்றுமதி செய்யாமல் திருத்த வழியில்லை.