கடைசி அட்டைதான் காசைத் தின்னும்

பாக்கெட்டுக்கு ஓர் அட்டை, மொத்தம் 10 வகை, எல்லாம் சம அளவில் அச்சாகின்றன என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகுப்பும் சேரச் சராசரியாக எத்தனை பாக்கெட் வாங்க வேண்டும்?

முதல் பாக்கெட்டில் வருவது எப்படியும் புதுசு. அடுத்த புது அட்டைக்கு வாய்ப்பு பத்தில் ஒன்பது; ஆகவே சராசரியாக 10/9 பாக்கெட். அதற்கடுத்ததற்கு 10/8. இப்படியே போய், கடைசி ஓர் அட்டைக்கு மட்டும் 10 பாக்கெட்! எல்லாவற்றையும் கூட்டினால் 29.3. முதல் ஐந்து அட்டைகள் ஆறேழு பாக்கெட்டில் சேர்ந்துவிடும். மிச்ச ஐந்துக்கு ஏறக்குறைய 23.

இது சராசரிதான். 40 வாங்கியும் ஏழில் ஒருவருக்குத் தொகுப்பு நிறையாது. சில அட்டைகளைக் கம்பெனி குறைவாக அச்சிட்டால் செலவு இன்னும் ஏறும். அதனால் பாதி சேர்ந்ததுமே, இரட்டிப்பாக வந்தவற்றை நண்பர்களோடு மாற்றிக்கொள்ளத் தொடங்குங்கள்.