தாளில் இல்லாத எண்

கைபேசியில் ஏஐ செயலியோடு பேசிப் பழகியவர்களிடம் இரண்டு விதமான புகார்களைக் கேட்கலாம். "மேலே தெளிவா சொல்லியிருந்தேன், மறந்துட்டுதே" என்பது ஒன்று. "போன வாரம் சொன்னதைக்கூட ஞாபகம் வெச்சிருக்கு, பயமா இருக்கு" என்பது இன்னொன்று. ஒன்றுக்கொன்று நேர்மாறாகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே காரணத்தால் வருபவை. அந்தக் காரணத்தை, கணினியே இல்லாமல், கொஞ்சம் துண்டுச்சீட்டையும் ஒரு வராந்தாவையும் வைத்துக்கொண்டு ஒரே பாடவேளையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

ஆட்டம் இப்படி. ஏழெட்டு மாணவர்களை முதலிலேயே வெளியே அனுப்பிவிட வேண்டும். வகுப்பில் பேசுவது காதில் விழாத தூரத்தில், வராந்தாவின் மறுகோடியில் அவர்கள் நிற்கட்டும். அவர்களில் ஒருவர் மட்டும் வாசலுக்கு அருகே ஒரு நாற்காலியில் உட்கார்வார். அந்த நாற்காலிதான் மொழி மாதிரி, அதாவது செயலிக்குப் பின்னால் இருந்து பதில் எழுதும் நிரல். உள்ளே இருப்பவர்கள் கேள்வியை எழுதுவார்கள், தபால்கார மாணவர் ஒருவர் அதைக் கொண்டுபோய்ப் பதிலை வாங்கி வருவார். வாய்ப்பேச்சு கூடாது. ஒரு பதில் எழுதி முடித்ததும் நாற்காலியில் இருந்தவர் வகுப்புக்குள் வந்துவிட வேண்டும்; அடுத்தவர் போய் உட்கார வேண்டும்.

இந்தக் கடைசி விதியை விட்டுவிட்டால் ஆட்டமே வீண். ஒரே மாணவி தொடர்ந்து உட்கார்ந்தால் முந்தைய சீட்டில் படித்தது அவள் நினைவில் இருக்கும். மாதிரிக்கு அந்த வசதி இல்லை. ஒரு கேள்விக்குப் பதில் தந்ததும் அந்த உரையாடலைப் பற்றி அதற்குள் எதுவும் பதிந்து நிற்பதில்லை. அடுத்த கேள்வியின்போது அது எல்லாவற்றையும் புதிதாகப் படிக்கிறது.

முதல் சுற்றில் ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு மட்டும் போகட்டும். "எங்கள் வீட்டில் செம்பி என்று ஓர் ஆடு இருக்கிறது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை" என்று முதல் சீட்டு. "வெயிலாக இருக்கலாம், நிழலில் கட்டிப் பாருங்கள்" என்ற மாதிரி ஒரு பதில் வரும். இரண்டாவது சீட்டில், "சரி, அதற்கு என்ன கொடுக்கலாம்?" நாற்காலியில் இப்போது வேறொரு பையன். அவன் கையில் இருப்பது இந்த ஒரு வரிதான். எது, எதற்கு, யாருக்கு என்று ஒன்றும் தெரியாது. ஆனாலும் பிள்ளைகள் பெரும்பாலும் சும்மா இருக்கமாட்டார்கள். "கஞ்சி கொடுங்கள்" என்றோ "பிறந்தநாளுக்குப் பேனா கொடுக்கலாம்" என்றோ எழுதி அனுப்புவார்கள். வகுப்பு சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும், 'தெரியவில்லை' என்று ஏன் எழுதவில்லை என்று அந்தப் பையனிடம் கேட்டுப் பார்க்கலாம். "ஏதாவது எழுதணும்னு தோணுச்சு சார்" என்பான். தாளில் தகவல் குறைவாக இருக்கும்போது பொருந்துகிறாற்போல் ஒன்றை எழுதி நிரப்பிவிடும் பழக்கம் மாதிரிகளுக்கும் உண்டு.

இரண்டாவது சுற்றில் சீட்டுக்குப் பதில் ஒரு நீளத்தாள். ஒவ்வொரு கேள்வியும் பதிலும் அதிலேயே வரிசையாக ஏறும். தபால்காரர் ஒவ்வொரு முறையும் முழுத் தாளையும் கொண்டுபோவார். இப்போது நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் செம்பியைத் தெரியும், ஆடு என்று தெரியும், முன்பு என்ன சொல்லப்பட்டது என்றும் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரே ஆளோடு பேசிக்கொண்டிருப்பதாகவே தோன்றும். நாம் கைபேசியில் காண்பது இதைத்தான். நாம் ஒரு வரி தட்டினாலும், செயலி அதுவரை நடந்த பேச்சையும் சேர்த்து மாதிரிக்குக் கொடுக்கிறது. ஞாபகம் என்று நாம் நினைப்பது தபால்காரரின் வேலை.

மூன்றாவது சுற்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. முழுத் தாளும் போகிறது, ஆனால் கேள்வி வேறு: "1 முதல் 100 வரை ஓர் எண்ணை மனதில் நினைத்துக்கொள். சொல்லாதே." நாற்காலியில் இருக்கும் மாணவி ஓர் எண்ணை நினைத்துக்கொண்டு, "நினைத்துவிட்டேன்" என்று எழுதிவிட்டு உள்ளே வந்துவிடுகிறாள். அடுத்த கேள்வி: "அது 50-ஐ விடப் பெரியதா?" புதிதாக உட்கார்ந்தவனுக்கு எண் தெரியாது, ஆனால் நினைத்துவிட்டதாகத் தாள் சொல்கிறது. அவன் "ஆம்" என்கிறான். "இரட்டைப்படையா?" அடுத்தவள் "ஆம்" என்கிறாள். "7-ஆல் வகுபடுமா?" "இல்லை." கடைசியாக, "எண்ணைச் சொல்." நாற்காலியில் இருப்பவன் தாளைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி 64 என்று எழுதுகிறான். உள்ளே கைதட்டல்.

இப்போது கடைசிப் பதிலை மட்டும் மறைத்து, அதே தாளை வேறொரு மாணவியிடம் அனுப்பினால் 82 வரலாம். அதுவும் பொருந்தும். முதலில் நினைத்தவளிடம் கேட்டால், "நான் 17 நினைச்சேன் மிஸ்" என்பாள். நடுவில் பதில் சொன்ன எவரும் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் பதில் சொன்ன எண் என்று ஒன்று இருக்கவேயில்லை. கைபேசியிலும் இதைச் சோதிக்கலாம். இதே ஆட்டத்தை ஆடி, கடைசிப் பதிலை மீண்டும் எழுதச் சொல்லும் பொத்தானை அழுத்தினால் வேறு எண் வரக்கூடும். பதிலுக்கு முன் தனியாக 'ரஃப்' எழுதிப் பார்க்கும் மாதிரிகள் இருக்கின்றன. எண்ணை அங்கே எழுதி, அந்த ரஃப் தாளும் அடுத்த முறை கூடப் போனால் எண் மாறாது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டால் பழைய கதைதான்.

அடுத்து, தாளின் நீளம். பதினைந்து வரிக்கு மேல் போகக் கூடாது என்று விதி வைத்து, மிஞ்சினால் மேல்வரிகளைக் கத்தரித்துவிடச் சொல்லுங்கள். செம்பி ஆடு என்ற வரி போனதும் பதில்கள் மெல்லத் தடம் மாறும். மாதிரிகளுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. அதை டோக்கன் என்ற சொல்துண்டுகளில் எண்ணுவார்கள். 2020-இல் வந்த ஜிபிடி-3-க்கு 2,048 டோக்கன்தான் எல்லை. 2023-லேயே ஒரு லட்சத்தைத் தாண்டிய மாதிரிகள் வந்துவிட்டன. தமிழில் எழுதினால் தாள் சீக்கிரம் நிரம்பும், ஏனென்றால் ஆங்கிலத்தைவிடத் தமிழ்ச் சொற்கள் அதிகத் துண்டுகளாக உடைகின்றன. பழைய மாதிரிகளில் இது இன்னும் மோசம்.

போன வாரம் சொன்னதை நினைவில் வைத்திருக்கும் செயலி என்ன செய்கிறது என்றும் இங்கேயே காட்டலாம். தபால்காரர், "கேட்பவர் வீட்டில் செம்பி என்ற ஆடு உண்டு" என்று ஒரு சிறு சீட்டு எழுதித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். புதுப் பேச்சு தொடங்கும்போது அதைத் தாளின் தலையில் ஊசியால் குத்தி அனுப்புகிறார். பல செயலிகளின் 'மெமரி' வசதி இப்படித்தான் வேலை செய்கிறது. அந்தச் சீட்டை நீக்கவும் அமைப்புகளில் வழி இருக்கும்.

ஆட்டம் முடியும்போது பிள்ளைகள் ஒரு தவறான முடிவுக்கு வரக்கூடும்: தாளில் இருப்பதைத் தவிர மாதிரிக்கு ஒன்றுமே தெரியாது என்று. அப்படியில்லை. ஆடு தழை தின்னும் என்பது தாளில் இல்லை, நாற்காலியில் இருப்பவர் ஏற்கெனவே அறிந்து வந்தது. அதுபோல மாதிரி பயிற்சிக் காலத்தில் ஏராளமான எழுத்தைப் படித்துப் பெற்ற அறிவோடுதான் உட்கார்கிறது. தாளில்தான் தெரிய வேண்டியது, இந்த உரையாடலும் இந்தக் கேட்பவரும். இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. வராந்தாவில் இருக்கும் பிள்ளை வெயிலைப் பார்த்து மணியை ஊகிக்கலாம். மாதிரிக்கு இன்றைய தேதியைக்கூட யாராவது தாளில் எழுதித் தர வேண்டும்.

நேரம் மிச்சமிருந்தால் ஒரு குறும்பு சேர்க்கலாம். போகிற வழியில் தபால்காரர் பழைய பதில் ஒன்றை அழித்துவிட்டு, அதே இடத்தில் "செம்பி ஒரு பசு" என்று மாற்றி எழுதட்டும். அடுத்த கேள்வி, "ஏன் அப்படிச் சொன்னாய்?" நாற்காலியில் இருப்பவர் அதைத் தான் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு, பசு என்பதற்குக் காரணம் தேடி எழுதத் தொடங்குவார்.