ஒரு முறை நுழைவு, ஒரு முறை வெளியேற்றம்

ஐந்து நாள் வெப்பநிலை 34, 31, 33, 30, 36. ஒவ்வொரு மூன்று நாளுக்கும் உச்சம் எது? இரு முனையிலும் எடுக்கக்கூடிய ‘டெக்’ வரிசை ஒன்று போதும்.

புதிய எண் வந்தால், பின்முனையில் அதைவிடச் சிறியவற்றை நீக்குகிறோம். அவை புதியதற்கு முன்பே காலாவதியாகும். இனி உச்சமாக முடியாது. 33 வந்ததும் 31 போகிறது. முன்முனையில் இருக்கும் 34தான் உச்சம். நான்காம் நாள் 34 காலாவதி, உச்சம் 33. அடுத்து 36 வந்து 33, 30 இரண்டையும் வெளியேற்றுகிறது.

ஒரே நாளில் இரண்டு நீக்கம் கூடுதல் வேலையாகத் தோன்றும். ஆனால் எந்த எண்ணும் ஒரு முறைதான் நுழைகிறது, போனது திரும்புவதில்லை. ஆகவே ஐந்து எண்களுக்கு நுழைவும் நீக்கமும் சேர்ந்து பத்தைத் தாண்டாது. சாளரம் எவ்வளவு அகலமானாலும் இதே கணக்குதான். எண்ணோடு அதன் நாளையும் குறித்துவைக்க வேண்டும். இல்லையேல் காலாவதியான 34 உச்சமாகவே நீடிக்கும்.