12 கிலோ குழந்தைக்கு எவ்வளவு அட்ரினலின்?

நிமோனியாவால் உடல் முழுக்கக் கிருமி பரவிய இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை 12 கிலோ. கைகால் சில்லிட்டு, நாடி மெலிந்து, 'ஷாக்' நிலையில் இருக்கிறது. தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் முதலில் ஏற்றுவது சலைன்தான். கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. வீதம். ஒவ்வொரு முறையும் கல்லீரல் வீங்குகிறதா, நுரையீரலில் கரகரப்பு கேட்கிறதா என்று பார்ப்பார்கள். கிலோவுக்கு 40 மி.லி., அதாவது 480 மி.லி. ஏறியும் நாடி தேறவில்லை என்றால், தண்ணீருக்குக் கட்டுப்படாத ஷாக் இது. இனியும் ஊற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் முடுக்கும் மருந்துக்கு நேரம் வந்துவிட்டது.

அட்ரினலினை வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 0.05 முதல் 0.1 மைக்ரோகிராம் என்ற அளவில் தொடங்குகிறார்கள். டோபமின் என்றால் 5 முதல் 10 மைக்ரோகிராம். முன்பு டோபமினே முதல் தேர்வு. 2015-இல் பிரேசிலில் நடந்த ஆய்வில் டோபமின் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு அதிகமாக இருந்தது. 2020-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் டோபமினை விட அட்ரினலினையோ நார் அட்ரினலினையோ விரும்புகிறது. அவை கிடைக்காத இடத்தில் டோபமின் கைகொடுக்கும்.

இவ்வளவு சிறிய அளவைச் சிரிஞ்ச் பம்ப் கொடுக்க வேண்டுமானால் மருந்தைக் கலந்து நீர்க்கவைக்க வேண்டும். இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. எடையை 0.3-ஆல் பெருக்கினால் வருவது அட்ரினலினின் மில்லிகிராம். நம் குழந்தைக்கு 3.6 மி.கி.; அதை மொத்தம் 50 மி.லி. ஆகும்படி கலக்க வேண்டும். இப்போது மணிக்கு 1 மி.லி. ஓடினால், அது கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம். 0.05 வேண்டுமானால் 0.5 மி.லி. டோபமினுக்கு எடையை 3-ஆல் பெருக்க வேண்டும். 36 மி.கி. கலந்த 50 மி.லி.யில் மணிக்கு 5 மி.லி. ஓடினால் 5 மைக்ரோகிராம்.

கணக்கு அழகானது, ஆபத்தும் அதில்தான். ஒவ்வொரு குழந்தைக்கும் சிரிஞ்சின் செறிவு வேறு. தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்தால் பத்து மடங்கு மருந்து போய்விடும். 3.6-க்குப் பதில் 36 மி.கி. அட்ரினலின் கலந்தால் பம்பின் திரையில் எதுவும் தப்பாகத் தெரியாது; நெஞ்சு படபடத்து ரத்த அழுத்தம் எகிறும்போதுதான் தெரியும். அதனால்தான் இருவர் தனித்தனியே கணக்கிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே செறிவில் கலந்து, ஓடும் வேகத்தை மட்டும் எடைக்கேற்ப மாற்றும் முறைக்குப் பல மருத்துவமனைகள் மாறியதும் இதனால்தான்.

கழுத்திலோ தொடையிலோ பெரிய குழாய் போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கை நரம்பிலேயே தொடங்கலாம். ஊசி ஏறிய இடம் வெளுத்தாலோ வீங்கினாலோ மருந்து தோலுக்கடியில் கசிகிறது, உடனே நிறுத்தி வேறு நரம்புக்கு மாற்ற வேண்டும். அந்தக் குழாய் வழியே வேறு மருந்தைத் தள்ளவும் கூடாது. உள்ளே தேங்கியிருக்கும் அட்ரினலின் மொத்தமாக இதயத்துக்குப் போகும்.

தொடக்க அளவு முடிவான அளவல்ல. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நாடி, கைகால் சூடு, ரத்த அழுத்தம், சிறுநீர் பார்த்து அட்ரினலினைச் சிறிது சிறிதாக 0.3 வரை ஏற்றுவார்கள். லாக்டேட்டும் சர்க்கரையும் இந்த மருந்தாலேயே உயரக்கூடும். அந்த எண்களை மட்டும் வைத்து நோய் முற்றுகிறது என்று முடிவு கட்டக் கூடாது.