ஒரே தடி, முனைக்கு ஒரு கணக்கு

கிரிக்கெட் மட்டையைக் கைப்பிடியில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு தலைகீழாகத் திருப்பி, கனத்த அடிப்பக்கத்தைப் பிடித்துச் சுற்றுங்கள். எடை மாறவே இல்லை. ஆனால் இரண்டாவது முறை மட்டை லேசாகத் திரும்பிவிடும். சுழலவைக்கும்போது ஒரு பொருள் காட்டும் இந்த முரண்டின் அளவுதான் நிலைமத் திருப்புத்திறன்.

மெல்லிய தடியை முனையில் பிடித்துச் சுழற்றினால் அது ML²/3 என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். தடி முழுக்க ஒரே சீராக இருந்தால்தான் அது செல்லும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகப்போகக் கனம் கூடும் தடிக்கு?

1 மீட்டர் நீளத் தடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு முனையில் அதன் கனம் மீட்டருக்கு 1 கிலோ. அங்கிருந்து படிப்படியாக ஏறி மறு முனையில் மீட்டருக்கு 3 கிலோ. மொத்த நிறை 2 கிலோ. லேசான முனையில் சுழற்றுவதாகக் கொண்டு, தடியை 10 செ.மீ. துண்டுகளாக மனத்தில் வெட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் நிறையை, முனையிலிருந்து அதன் நடுப்புள்ளி இருக்கும் தூரத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். முதல் துண்டு 0.11 கிலோ, கடைசித் துண்டு 0.29 கிலோ. நிறையில் மூன்று மடங்குகூட வித்தியாசம் இல்லை. ஆனால் தூரத்தின் இருமடி உள்ளே வந்ததும் கடைசித் துண்டின் பங்கு முதல் துண்டைப்போல 950 மடங்காகிவிடுகிறது!

பத்தையும் கூட்டினால் 0.83 வருகிறது. துண்டுகளை மேலும் மேலும் சிறிதாக்கிக்கொண்டே போவதுதான் தொகையீடு:

I = ∫₀¹ x²(1 + 2x) dx = 1/3 + 1/2 = 5/6

அதாவது சுமார் 0.833 கிலோகிராம்·மீட்டர்². கனத்த முனையில் பிடித்தால் அடர்த்தி 3 − 2x ஆகும்; விடை 0.5தான்.

மாணவர்கள் வழக்கமாக வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சராசரி அடர்த்தி மீட்டருக்கு 2 கிலோதானே என்று அதைத் தொகையீட்டுக்கு வெளியே எடுத்துவிடுவார்கள். விடை 0.667 வரும். அது சீரான தடிக்கான விடை. எந்த முனையைப் பிடித்தாலும் அதே எண்தான் கிடைக்கும் என்பதே தவறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தாளில் போட்ட கணக்கை ஆணியில் தொங்கவிட்டும் சரிபார்க்கலாம். நிறை மையம் லேசான முனையிலிருந்து 58.3 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. அந்த முனையைத் தொங்கவிட்டுச் சிறிதாக ஆட்டினால் 10 முழு அலைவுகளுக்குச் சுமார் 17 நொடி ஆகும். கனத்த முனையைத் தொங்கவிட்டால் சுமார் 15.5 நொடி. சீரான தடியாக இருந்தால் இரண்டு முனைக்கும் 16.4 நொடி. சாதாரணக் கைபேசிக் கடிகாரமே இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடும். வீச்சு மட்டும் பத்து டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிதாக ஆட்டினால் ஒவ்வொரு அலைவுக்கும் நேரம் கொஞ்சம் கூடும்.