எந்த நொடியில் எழுந்து போனார்கள்?

பத்து நிமிடச் சமையல் வீடியோ ஒன்றை வைத்துக்கொள்வோம். யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர் தங்கும் கோட்டைத் திறந்து, பக்கத்தில் அதன் ஒலியை ஆடாசிட்டியில் அலைவடிவமாக விரியுங்கள்.

2:10இல் கோடு பள்ளமாக விழுந்து, 2:40இல் மறுபடி மேலேறுகிறது. அங்கே அலைவடிவம் நூல்போல் மெலிந்திருக்கிறது: எண்ணெய் காயும்வரை சத்தமே இல்லை. கோடு மேலேறியதால் பலர் போகவில்லை, தாண்டி ஓட்டியிருக்கிறார்கள். வெட்டினால் போதும். கடுகு வெடிக்கும் இடத்திலும் பேச்சில்லை, ஆனால் பள்ளமும் இல்லை. பேச்சில்லாததும் சத்தமில்லாததும் ஒன்றல்ல!

4:30இல் விழுந்த கோடு எழவே இல்லை. அங்கே அலை தடித்திருக்கிறது: பின்னணி இசை குரலை மூடுகிறது. ஹெட்போனில் தெரியாது, போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் தெரியும்.

ஆனால் வரைபடத்தை நொடிக்கணக்காக நம்பாதீர்கள். அதன் தரவு வீடியோ முழுவதையும் நூறு புள்ளிகளாகத்தான் பிரிக்கிறது. இங்கே ஒரு புள்ளி 6 நொடி. எரிச்சல் வந்து விலகவும் சற்று நேரமாகும். ஆகவே சரிவுக்குச் சற்று முன்னிருந்தே கேளுங்கள். சமையல் முடிந்து அரட்டை தொடங்கிய இடமாகவும் அது இருக்கலாம். அதே இசை வரும் வேறு வீடியோக்களிலும் கோடு விழுந்தால்தான் பழியை இசைமேல் போடலாம்.